கல்லறைத் தோட்டத்தில் ஏழு நிமிடம்

"அண்ணே, கல்லு புரண்டுச்சுன்னு வருசா வருசம் சொல்றீங்க. எம்பையன் கல்லு அப்படியேதானே கிடக்கு?"

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முன்பு, எங்கள் சபையின் பழைய கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, விலை விசாரிப்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். சென்ற நவம்பரில் காலை வேலைக்கு மோட்டாரில் போன அவருடைய 23 வயது மகன் வீடு திரும்பவில்லை. அந்தக் கல்லைத்தான் அவர் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில் செய்தி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நான் போதகர் அல்ல. சபையில் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்ற சாதாரண உறுப்பினன், அவ்வளவுதான். "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து, முக்கால்வாசி எழுதி முடித்திருந்த செய்தியை எடுத்துப் பார்த்தேன். அதில் அவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

வாசகர்களில் பலருக்கு இந்த ஆராதனை பழக்கமில்லாமல் இருக்கலாம். இயேசு புனித வெள்ளியன்று சிலுவையில் இறந்து, மூன்றாம் நாளான ஞாயிறு விடியற்காலையில் உயிர்த்தெழுந்தார் என்பது கிறிஸ்தவர்களின் விசுவாசம். அதை நினைத்து, சூரியன் உதிக்கும் முன் திறந்த வெளியில் கூடுகிறார்கள். பல சபைகள் திடலில் கூடும். சில சபைகள் கல்லறைத் தோட்டத்திலேயே கூடும். எங்கள் சபை இரண்டாவது வகை.

இந்த வழக்கத்திற்கு ஒரு பழைய கதை உண்டு. 1732ஆம் ஆண்டு ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் ஹெர்ன்ஹுட் என்ற சிற்றூரில், மொராவியச் சபையைச் சேர்ந்த மணமாகாத இளைஞர்கள் ஈஸ்டர் விடியலில் ஊருக்கு அருகிலுள்ள குன்றின் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடினார்கள். அதிலிருந்துதான் இது ஊர் ஊராகப் பரவியது. அவர்கள் கல்லறைத் தோட்டத்தைக் கடவுளின் வயல் என்று அழைத்தார்கள். பணக்காரர், ஏழை என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரித் தட்டையான கல். இன்றும் மொராவியர்கள் ஈஸ்டர் விடியற்கால வழிபாட்டில், சென்ற ஈஸ்டருக்குப் பிறகு இறந்தவர்களை நினைத்து வேண்டிக்கொள்கிறார்கள். வழிபாடு கல்லறையில் நடப்பதற்கு அழகான காட்சி காரணமல்ல. அழ வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதற்கு முந்திய ஆண்டும் நான்தான் பேசினேன். சரியாக 20 நிமிடம். காலிக் கல்லறைக்கு என்ன சான்று, சேலைத்துணி ஏன் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, காவலர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒன்றுவிடாமல் விளக்கினேன். பத்தாவது நிமிடத்திலேயே பெரியவர்கள் பக்கத்துக் கல்லறைகளின் மேல் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். கொசுக்கடியில் பிள்ளைகள் அழுதார்கள். எல்லாரும் கிழக்கே பார்த்து நின்றதால், நான் முடிப்பதற்குள் சூரியன் எழும்பி அவர்கள் கண்ணைக் கூச வைத்தது. ஒரு மூப்பர் கைகுலுக்கி, "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி, கால்தான் கேட்கல" என்றார்.

ஆகவே இந்த முறை முதலில் கடிகாரத்தைப் பார்த்தேன். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி முதல் நாள் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளிக்கொண்டதால் இங்கே விடியல் தாமதம். ஏப்ரல் மாதத்தில் சூரியன் தெரிய ஏறக்குறைய 7.10 ஆகிவிடும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இருட்டு விலகவும் நேரம் பிடிக்காது. 6.45க்கு ஆள் முகம் தெரியாது, 7 மணிக்கு எல்லாம் தெரியும். அதனால் 6.30க்குப் பாட்டு, 6.50க்குச் செய்தி, 6.57க்கு முடிவு. பிறகு அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துவிட்டு, கடைசிப் பாட்டில் சூரியனைப் பார்ப்பது. அதாவது எனக்கு 7 நிமிடம். நிதானமாகப் பேசினால் நிமிடத்திற்கு 80, 90 சொல்தான் வரும்.

முதல் பிரதியில் 1,400 சொற்கள் இருந்தன. அடுப்பங்கரையில் நின்றபடியே வாசித்தேன், மனைவி நேரம் பார்த்தார். பாதிக்கு மேல் தூக்கிப் போட வேண்டியிருந்தது. ஹெர்ன்ஹுட் கதை முதலில் போயிற்று. அது வாசிக்க நல்லது, நிற்பவர்களுக்குத் தேவையில்லை. இருட்டில் யாரும் வேதாகமத்தைப் புரட்ட முடியாது என்பதால் அதிகாரம், வசன எண்களும் போயின. புழு கூட்டுக்குள் போய்ப் பட்டாம்பூச்சியாகும் உவமையை நான் விரும்பி எழுதியிருந்தேன். ஆனால் கூட்டுக்குள் இருக்கும் புழு சாகவில்லை. மகனைப் புதைத்த தாய்க்கு அந்த வித்தியாசம் தெரியும். அதையும் அடித்தேன். "கடவுள் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார்" என்று துக்க வீட்டில் சொல்வோமே, அந்த வரியும் இருந்தது. அந்தத் தாயின் முகத்தை நினைத்ததும் என்னால் அதை வாய்விட்டு வாசிக்க முடியவில்லை.

மிஞ்சியது ஒரு பெண்ணின் கதையும் அந்தத் தாயின் கேள்வியும். இருட்டில் தாளைப் பார்க்க முடியாது என்பதால் மனப்பாடம் செய்தேன். பேசியது இதுதான்:

"அன்பானவர்களே, நின்றுகொண்டே கேட்கிறீர்கள். 7 நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

நாம் இங்கே வந்தபோது இருட்டாக இருந்தது. கைப்பேசி வெளிச்சத்தில் கல் தடுக்காமல் பார்த்துப் பார்த்து வந்தோம். முதல் ஈஸ்டரும் இப்படித்தான் இருட்டில் தொடங்கியது. ஒரு பெண் தனியாக வருகிறாள். அவள் பெயர் மகதலேனா மரியாள்.

அவள் பண்டிகை கொண்டாட வரவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சாவதைக் கண்ணால் பார்த்தவள். சனிக்கிழமை ஓய்வுநாள், எங்கேயும் போக முடியாது. விடியும்வரை பொறுக்காமல் இருட்டோடு புறப்பட்டுவிட்டாள். துக்கத்தில் தூக்கம் வராது என்பது உங்களில் சிலருக்குத் தெரியும்.

வந்து பார்த்தால் கல் புரண்டு கிடக்கிறது. நாம் அதைக் கேட்டதும் அல்லேலூயா சொல்கிறோம். அவள் சொல்லவில்லை. அவள் பயந்தாள். யாரோ உடலையும் எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். ஆள்தான் போய்விட்டார், அழுவதற்கு உடலாவது இருக்கும் என்று வந்தவளுக்கு அதுவும் இல்லை. காலிக் கல்லறை அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. இரண்டாவது இழப்பாக இருந்தது.

ஓடிப்போய்ச் சீடர்களிடம் சொன்னாள். இரண்டு பேர் ஓடி வந்தார்கள், பார்த்தார்கள், வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். காரியம் முடிந்ததும் உறவினர்கள் புறப்பட்டுப் போவதுபோல. அவள் மட்டும் போகவில்லை. நின்றாள். நின்று அழுதாள்.

அன்பானவர்களே, இதைக் கவனியுங்கள். அவள் அழுது முடிக்கட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு விசுவாசத்தோடு வா என்று சொல்லவில்லை. அவள் அழுதுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றார். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். அழாதே என்று சொல்லவில்லை.

அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்தாள். அவர் என்ன செய்தார்? சான்று காட்டினாரா? விளக்கம் சொன்னாரா? அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மரியாளே. அவ்வளவுதான். அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கல் புரண்டதைப் பார்த்து அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. பெயர் கேட்டபோது வந்தது.

இப்போது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவருடைய கல் புரண்டது சரி, என் வீட்டுக் கல் ஏன் புரளவில்லை? இது நியாயமான கேள்வி. இன்று காலை இந்தத் தோட்டத்தில் எந்தக் கல்லும் புரளப் போவதில்லை. ஆராதனை முடிந்து நாம் வீட்டுக்குப் போகும்போது அவர்கள் நம்மோடு வரப்போவதில்லை. மதியச் சாப்பாட்டில் அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அதை மறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை.

மரியாளுக்கும் பழைய நாள்கள் திரும்பக் கிடைக்கவில்லை. என்னைப் பிடித்துக்கொள்ளாதே, போய் மற்றவர்களிடம் சொல் என்றுதான் அவர் அனுப்பினார். உயிர்த்தெழுந்த அவருடைய உடலிலும் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. நடந்தது நடக்காததாகிவிடவில்லை.

அப்படியானால் எதை நம்புகிறோம்? பவுல் அப்போஸ்தலன் ஒரு வயல் வார்த்தையைச் சொல்கிறார். கிறிஸ்து முதற்பலன் என்கிறார். வயலில் முதல் கதிரை அறுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அன்று மற்றக் கதிர்கள் எல்லாம் வயலிலேதான் நிற்கும். ஆனால் முதல் கதிர் வந்துவிட்டால், விதைத்தது வீண் இல்லை என்று விவசாயிக்குத் தெரியும். மற்றவை பின்னால் வரும்.

இது வயல். முதல் கதிர் வந்துவிட்டது. நாம் விதைத்தவை இன்னும் மண்ணில் இருக்கின்றன. நாம் நடுவில் நிற்கிறோம். நடுவில் நிற்பவர்கள் அழலாம். அழுதுகொண்டே காத்திருக்கலாம்.

இப்போது பெயர்களை வாசிக்கப் போகிறோம். உங்கள் வீட்டுப் பெயர் வரும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத கண்ணோடு நின்ற ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், இந்தப் பெயர்களையும் மறக்கவில்லை. ஒருநாள் கூப்பிடுவார். ஆமென்."

முடித்தபோது என் கைக்கடிகாரத்தில் 6.58. ஒரு நிமிடம் கூடிவிட்டது. நடுவில் செம்பனைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு லாரி போனதால் அதுவரை நிறுத்த வேண்டியதாயிற்று. வெளியில் பேசுகிறவர் லாரியோடு போட்டி போடக்கூடாது. குரலை உயர்த்தினால் துக்கச் செய்தியும் சண்டைபோலக் கேட்கும்.

பிறகு போதகர் பெயர்களை வாசித்தார். அந்த ஆண்டு பதினோரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு ஒரு மூச்சு நேரம் விட்டார். அந்த இடைவெளியில்தான் விசும்பல் கேட்டது. செய்தியில் நான் சேர்த்திருக்கக்கூடிய எந்தச் சொல்லையும்விட அந்த இடைவெளிக்குப் பலம் அதிகம் என்று அப்போது புரிந்தது. ஏழாவதாக அந்த மகனின் பெயர் வந்தது. நான் அந்தத் தாயைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். நான் பார்த்தால் கூட்டமும் பார்க்கும். கேள்வி கேட்டவர் யார் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டியது.

வெளிச்சம் வந்ததும் மைலோவும் நாசி லெமாக் பொட்டலமும் கொடுத்தார்கள். பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடினார்கள். அந்தத் தாய் மகனின் கல்லுக்குப் போய்விட்டு என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"நல்லாச் சொன்னீங்கண்ணே. ஆனா கல்லு கிடக்கத்தான் கிடக்கு."

"ஆமாம்மா, கிடக்குது."

சற்று நேரம் நின்றார். பிறகு, "அடுத்த வருசமும் அவன் பேரைப் படிப்பீங்களா?" என்று கேட்டார்.

இதை நான் யோசித்திருக்கவே இல்லை. ஓர் ஈஸ்டரிலிருந்து மறு ஈஸ்டர்வரை இறந்தவர்களின் பெயர்களைத்தான் வாசிக்கிறோம். அடுத்த ஆண்டுப் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. ஒரு தாய்க்கு இது இன்னொரு தடவை புதைப்பதுபோல் இருக்குமே என்று எங்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பொய் சொல்லவும் முடியாது. "இல்லம்மா, வழக்கம் இல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்து கூடிய சபைக் கமிட்டியில் இதைச் சொன்னேன். எல்லாப் பெயரையும் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கலாமா என்று பேசினோம். முடியாது. பத்து ஆண்டில் நூறு பெயருக்கு மேல் ஆகிவிடும், நிற்பவர்களால் தாங்க முடியாது. கடைசியில் ஒரு மூப்பரம்மாதான் வழி சொன்னார். இனிமேல் பட்டியலைப் போதகர் வாசிக்க வேண்டாம். போன ஆண்டுப் பட்டியலில் யாருடைய வீட்டுப் பெயர் வந்ததோ, அவர்களில் ஒருவர் வந்து இந்த ஆண்டுப் பெயர்களை வாசிக்கட்டும். தொடங்குமுன் தம் வீட்டுப் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்.

அந்தத் தாயைத்தான் முதலில் கேட்டோம். முடியாது, குரல் வராது என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே அழைத்து, "எழுத்து பெரிசா அடிச்சுக் குடுங்கண்ணே, இருட்டுல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றார்.

வருகிற ஈஸ்டருக்கு அவர் வாசிக்கிறார். தாளை இப்போதே பெரிய எழுத்தில் அடித்து, மழையில் நனையாமல் நெகிழி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் அவருடைய மகனின் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே, இந்த ஆண்டு இதுவரை நான்கு பெயர்கள்.